"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மாணவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்

வாசகர் கடிதம்

அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான், வயது 62. ஓய்வுக்குப் பின் ஓராண்டு உளவியல் ஆலோசனைப் பட்டயம் முடித்து, ஆறு மாதங்களாக எங்கள் பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சமூக மையத்தில் செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஊதியமின்றி ஆலோசனை வழங்கி வருகிறேன். சென்ற செவ்வாயன்று பிளஸ் ஒன் படிக்கும் 16 வயது மாணவி ஒருத்தி வந்தாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க டீச்சர், அப்பதான் சொல்வேன்" என்றாள். சரி என்றேன். அவர்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் அத்தையின் கணவர், யாரும் இல்லாத வேளைகளில் இரண்டு முறை தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்னாள். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பெயரைச் சொல்லாமல் மையத்தின் செயலாளரிடம் யோசனை கேட்டேன். "துணிக்கு மேல் தொட்டதற்கெல்லாம் வழக்கு என்று போனால் பெண்ணின் எதிர்காலம் கெடும், இரு குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாம்" என்கிறார். ரகசியம் காப்பதே ஆலோசகரின் முதல் அறம் என்று வகுப்பில் படித்தேன். நான் சம்பளம் வாங்காத தொண்டர்தான். சட்டம் என்னையும் கட்டுப்படுத்துமா? அவள் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொள்வதா, கிழித்துவிடுவதா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்மாவட்டம்

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரிகளில் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் அல்ல இது. அந்த இரண்டு வரிகளுக்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களைப் போலவே ஓய்வுக்குப் பின் இந்தப் பணிக்கு வரும் ஆசிரியர்கள் இதே இடத்தில் தடுமாறுவதைப் பயிற்சி வகுப்புகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க உங்கள் கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முதலில் நேரடியான பதில். இந்தத் தகவலை நீங்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். நோட்டைக் கிழிக்கக் கூடாது. இரு குடும்பங்களையும் கூப்பிட்டுப் பேசும் யோசனையை இப்போதே நிறுத்த வேண்டும்.

ரகசியம் எங்கே முடிகிறது

போக்சோ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் அதைச் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. "எந்த நபரும்" என்பதுதான் அந்தப் பிரிவு ஆளும் சொல். சம்பளம் வாங்குபவரா, தொண்டரா, பட்டயம் பெற்றவரா, பெறாதவரா என்று சட்டம் கேட்கவில்லை. மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் அதில் விலக்கு இல்லை. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஒருவர் தமக்குத் தெரிந்ததைக் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்ற வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று கூறியது.

வகுப்பில் நீங்கள் படித்தது தவறல்ல, பாதி. ஆலோசனைக்கு வருபவர் சொல்வதை வெளியில் சொல்லாமல் காப்பது கடமைதான். ஆனால் உயிருக்கு ஆபத்து இருக்கும்போதும், குழந்தைக்குத் தீங்கு நடக்கும்போதும், நீதிமன்றம் கேட்கும்போதும் அந்தக் கடமைக்கு எல்லை உண்டு என்பது அதே பாடத்தின் மறுபாதி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் என்னிடம் சொல்வதை நான் வெளியிடாமல் காப்பதற்குச் சாட்சியச் சட்டத்தில் எனக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆலோசகருக்கு அப்படி ஒரு பாதுகாப்பை நம் நாட்டுச் சட்டம் தரவில்லை. உங்களைச் சாட்சியாக அழைத்தால் நீங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அவள் சொன்னது உண்மையா என்று உறுதி செய்துகொள்ளாமல் எப்படிப் புகார் கொடுப்பது என்ற தயக்கமும் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. உறுதி செய்வது உங்கள் வேலை அல்ல; அது புலன்விசாரணை. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்கு எதிராக உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது என்று 19ஆம் பிரிவே சொல்கிறது. பொய்த் தகவலுக்கான தண்டனை, ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ வேண்டும் என்ற நோக்கத்துடன் சொல்பவருக்குத்தான்.

செயலாளர் சொன்னதைப் பற்றி

அவர் கெட்ட எண்ணத்துடன் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நம் ஊர்களில் இப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறோம். ஆனால் அவர் சொன்ன ஒவ்வொன்றும் தவறு. துணிக்கு மேல் தொட்டால் குற்றம் ஆகாது என்ற எண்ணத்துக்கு ஒரு தீர்ப்பு இடம் கொடுத்தது உண்மைதான். 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. தோலோடு தோல் படுவது அல்ல, பாலியல் நோக்கமே முக்கியம் என்பது இன்றைய சட்டம். அதோடு, தொட்டவர் ரத்த உறவாகவோ மண உறவாகவோ இருந்தால், அல்லது அதே வீட்டில் வசிப்பவராக இருந்தால், குற்றம் ஒரு படி மேலே போகிறது. சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் தண்டனை உள்ள குற்றம், அத்தையின் கணவர் செய்யும்போது ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் தண்டனைக்குரியதாகிறது. குடும்பத்துக்குள் நடந்தது என்பதால் இதைச் சின்ன விஷயமாக நாம் நினைக்கிறோம். சட்டம் அதே காரணத்துக்காகத்தான் பெரிய விஷயமாகப் பார்க்கிறது.

பேசி முடிப்பது என்பது நடைமுறையில் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அவர் இல்லை என்று மறுப்பார், அத்தை அழுவார், "அத்தையின் குடும்பத்தையே கெடுத்துவிட்டாள்" என்ற பழி அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் மீது விழும். அன்றிரவு அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்கு. யார் காட்டிக்கொடுத்தது என்பதும் அதற்குள் கீழ்வீட்டுக்குத் தெரிந்திருக்கும். பேச்சு நடக்கும் நாட்களில் சாட்சிகள் மனம் மாறுவார்கள், அல்லது மாற்றப்படுவார்கள். இது இரு தரப்பும் சமாதானமாகப் போய் முடித்துக்கொள்ளக் கூடிய குற்றமும் அல்ல.

செயலாளருக்கு ஒரு தகவலையும் சொல்லி வையுங்கள். நிறுவனப் பொறுப்பாளர் தமக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை தண்டனை என்ற தனிப்பிரிவு இந்த நிகழ்வுக்குப் பொருந்தாது. குற்றம் சாட்டப்பட்டவர் மையத்தின் ஊழியர் அல்ல. ஆனாலும் விவரம் தெரிந்த தனிமனிதர் என்ற முறையில், உங்களைப் போலவே அவருக்கும் தகவல் சொல்லும் கடமை வந்துவிடும். பெயரைச் சொல்லாமல் கேட்டது நல்லது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீண்டும் அவளைச் சந்திக்கும்போது

உங்களுக்குத் தூக்கம் வராமல் செய்வது சட்டம் அல்ல, கொடுத்த வாக்கு என்பது எனக்குப் புரிகிறது. அவளுக்குத் தெரியாமல் காவல் நிலையம் போனால் அவள் உங்களை மட்டுமல்ல, இனி எந்தப் பெரியவரையும் நம்ப மாட்டாள். ஆகவே முதலில் அவளிடம் பேசுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வரை பொறுக்காமல், இயன்றால் இன்றே, பள்ளி விட்ட பிறகு மையத்துக்கு வரச் சொல்லுங்கள். உரையாடல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னது தப்பும்மா, அப்படி நான் சொல்லியிருக்கக் கூடாது. இது உன்னைப் பாதுகாக்கிற விஷயம், இதை நான் போலீஸ்ல சொல்லித்தான் ஆகணும். உன் மேல எந்தத் தப்பும் இல்ல. அடுத்து என்ன நடக்கும்னு ஒவ்வொண்ணா சொல்றேன், நான் கூடவே இருப்பேன்" என்ற அளவு போதும். அவள் அழலாம், கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம். அப்போதும் சமாளிப்பதற்காகப் புதிதாக எந்த வாக்கும் கொடுத்துவிடாதீர்கள். "மாமாவை ஜெயில்ல போட மாட்டாங்க", "வெளியே தெரியவே தெரியாது" என்பவை உங்கள் கையில் இல்லாதவை.

இந்தச் சந்திப்பில் நீங்கள் செய்யக் கூடாத ஒன்று உண்டு, அது ஆசிரியருக்குக் கடினமானது. வாய்மொழித் தேர்வில் மாணவர் பாதி விடை சொன்னால் மீதியை வரவழைக்கக் கேள்வி மேல் கேள்வி கேட்டே பல ஆண்டுகள் பழகியிருப்பீர்கள். இங்கே அது கூடாது. எங்கே தொட்டார், எத்தனை நேரம், அப்போது என்ன சொன்னார் என்று மீண்டும் கேட்காதீர்கள். பிள்ளைக்கு அது இரண்டாவது காயம். வழக்குக்கும் கேடு: "ஆசிரியைதான் கேள்வி கேட்டுச் சொல்லிக்கொடுத்தார்" என்று எதிர்த்தரப்பு வாதிட அது வழி திறந்துவிடும். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றிரவு அவள் எங்கே, யாருடன் இருப்பாள்? அவர் மாடிக்கு வந்துபோகக் கூடியவரா என்பதும் அதில் அடங்கும். பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அப்போதே அழையுங்கள். அது இரவிலும் இயங்குகிறது.

அம்மாவிடம் சொல்வது அடுத்த படி. பெற்றோரின் ஒப்புதல் இல்லாமலும் நீங்கள் தகவல் தரலாம், தந்தாக வேண்டும். இருந்தாலும் பெரும்பாலான வழக்குகளில் அம்மா துணை நின்றால் பிள்ளை தாங்கிக்கொள்கிறது என்பதால், மாணவியின் சம்மதத்துடன் அவள் முன்னிலையிலேயே அவரிடம் சொல்வது நல்லது. "நாத்தனார் வாழ்க்கை போய்விடும், ஒரு மாதம் பொறுங்கள்" என்று அவர் கெஞ்சலாம். மரியாதையோடு கேட்டுக்கொண்டு, பொறுக்க முடியாது என்று சொல்லுங்கள். மூன்று சந்திப்புகளும், அதாவது மாணவி, தாய், காவல் நிலையம், ஒரே நாளில் முடிந்துவிடுவது பாதுகாப்பானது. இடைவெளி நீண்டால் செய்தி கீழ்வீட்டுக்குப் போகும்.

காவல் நிலையத்தில்

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். 1098ஐ அழைத்திருந்தாலும், சட்டம் பெயர் சொல்வது காவல்துறையை என்பதால் அங்கே தகவல் பதிவானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தில் கொடுங்கள். நீங்கள் யார், மாணவி எந்த நாள் எத்தனை மணிக்கு உங்களிடம் வந்தாள், என்ன சொன்னாள், எத்தனை வயது என்றாள், குற்றம் சாட்டப்பட்டவர் அவளுக்கு என்ன உறவு என்பவை போதும். உங்கள் கருத்தோ "பாலியல் வன்முறை" போன்ற சட்டச் சொற்களோ வேண்டாம். நீங்கள் தரும் தகவலுக்குப் பதிவு எண் இட்டு, எழுதியதை உங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்பது 19ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலைத் தகவல் தந்தவருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதிகள். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். செவ்வாய்க்கும் இன்றைக்கும் இடையிலான நாட்களைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். வாக்குக் கொடுத்துவிட்ட குழப்பத்தில் சட்ட ஆலோசனை கேட்டதாக உள்ளபடி சொல்லுங்கள். இத்தனை மணிக்குள் என்று 19ஆம் பிரிவு கெடு எதையும் குறிப்பிடவில்லை; ஆனால் காரணமில்லாத தாமதம் பின்னால் கேள்வியாக எழும்.

அவர் குடியிருப்பது அதே வீட்டின் கீழ்ப்பகுதி என்பதை மறக்காமல் எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையோடு ஒரே வீட்டில் வசிப்பவர் என்று கருதினால், 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். அவள் அங்கேயே இருக்கலாமா, வேறு இடம் தேவையா என்பதைக் குழு பார்க்கும். இதைக் கேட்டதும் "பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்று பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். பாதுகாப்பான தாய் தந்தையோ பாட்டி வீடோ இருக்கும்போது குழு அவளை அங்கிருந்து எடுத்துவிட அவசரப்படுவதில்லை என்பது என் அனுபவம்.

மாணவியின் பயங்களுக்குச் சட்டத்திலேயே சில விடைகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிப் பதற்றம் குறையும். அவள் வாக்குமூலத்தைக் காவல் நிலையத்தில்தான் தர வேண்டும் என்பதில்லை. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ எடுக்கலாம். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து கேட்க வேண்டும். பெற்றோரோ அவள் நம்பும் வேறொருவரோ உடன் இருக்கலாம். மருத்துவப் பரிசோதனை தேவைப்பட்டால் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். அவள் பெயரோ பள்ளியோ செய்தியில் வரக் கூடாது.

"நம்பும் வேறொருவர்" என்ற இடத்தில் நீங்கள் உட்காரலாம். அவள் உங்களைத்தான் கேட்பாள் என்று தோன்றுகிறது. ஆனால் அதன்பின் அவளுக்குத் தொடர்ந்து ஆலோசனை வழங்குபவராக நீங்களே இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவள் முதலில் சொன்னது உங்களிடம் என்பதால் வழக்கில் நீங்கள் ஒரு சாட்சி. சாட்சியும் ஆலோசகரும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டு வேலையும் கெடும். வழக்கு முடியும்வரை உடன் நிற்க ஆதரவாளர் ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கும். அதைக் கேட்டுப் பெறுங்கள். மன அழுத்தம் மிகுந்து தூக்கம், சாப்பாடு கெட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஓராண்டுப் பட்டயம் அந்த அளவு வேலைக்கானது அல்ல.

அந்த நோட்டு

கிழித்தால் நீங்கள் சாட்சியத்தை அழித்தவர் ஆவீர்கள். திருத்தவும் வேண்டாம்; புதிதாக நினைவுக்கு வந்ததை அன்றைய தேதியிட்டுக் கீழே தனியாக எழுதுங்கள். அவள் சொன்னதை அவள் பேசிய சொற்களிலேயே எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தமிழாசிரியர்களுக்குப் பேச்சைச் செந்தமிழாக மாற்றி எழுதும் கை வந்துவிடும். முன்பு ஒரு வழக்கில், பன்னிரண்டு வயதுச் சிறுமி சொன்னதாகக் குறிப்பில் இருந்த "அத்துமீறினார்" என்ற ஒரு சொல்லை வைத்தே அரை மணி நேரம் குறுக்கு விசாரணை நடந்தது. எந்தச் சிறுமி அப்படிப் பேசுவாள் என்பதுதான் கேள்வி. நீங்களும் அப்படி மாற்றியிருந்தால் விசாரணை அதிகாரியிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

அதே நோட்டில் வேறு ஆட்களின் குறிப்புகளும் இருந்தால் இன்னொரு சிக்கல். ஒருவருக்காக நோட்டைக் கேட்டால் எல்லோருடைய பக்கங்களும் சேர்ந்து போகும். இனி ஒருவருக்கு ஒரு தாள், தனி உறை, வெளியே எண் மட்டும், பூட்டிய பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு வரிகூட வேண்டாம்.

அடுத்த மாணவி வருவதற்கு முன்

அவள் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க" என்று கேட்ட அந்த நிமிடத்தில்தான் பிழை நடந்தது, அதற்கான மருந்தும் அங்கேதான் இருக்கிறது. யார் வந்தாலும், அவர்கள் பேசத் தொடங்கும் முன்பே, எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: "நீ சொல்றதை நான் வெளியே சொல்ல மாட்டேன். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்து இருந்தா, இல்ல பதினெட்டு வயசுக்குள்ள இருக்கிற யாரையாவது யாராவது தப்பா நடத்துறாங்கன்னா, அதை மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதைக் கேட்டதும் சிலர் அன்றைக்குப் பேசாமலே போய்விடுவார்கள் என்பது உண்மைதான். எனக்குத் தெரிந்த ஆலோசகர்கள் சொல்வது, அவர்களில் பலர் இரண்டாம் முறை வந்து பேசுகிறார்கள் என்று.

அந்த வாசகத்தைத் தாளில் எழுதி உங்கள் மேசை மேல் ஒட்டிவையுங்கள். மையத்தின் நிர்வாகக் குழுவிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, இப்படிப்பட்ட தகவல் வந்தால் யார், எத்தனை மணி நேரத்துக்குள் எங்கே சொல்வது என்ற நடைமுறை. இரண்டு, மாதம் ஒருமுறையாவது உங்கள் வேலையைக் கேட்டு வழிகாட்ட அனுபவமுள்ள ஓர் உளவியலாளர். இரண்டும் இல்லாத மையத்தில் தனியாக உட்கார்ந்து பதின்வயதுப் பிள்ளைகளைப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் அறையின் பலகையில் "மனநல மருத்துவ ஆலோசகர்" என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அதை அகற்றச் சொல்லுங்கள்; "ஆலோசனை, பட்டயம் பெற்ற தன்னார்வலர்" என்பது உங்கள் தகுதிக்குச் சரியாக இருக்கும்.

காவல் நிலையத்துக்குப் போகும்போது உங்கள் பட்டயச் சான்றிதழின் நகலையும் மையத்தில் பணியாற்றுவதற்கான கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நோட்டின் மூலப்பிரதியை அவர்கள் கேட்டால், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.